லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டு: போடும் முறையும், மறந்துபோனால் நடப்பதும்

லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸோ லினக்ஸோ எழுந்து வருவதற்கு முன்பே, ஒரு பாஸ்வேர்டு கேட்கும்படி செய்யலாம். இயங்குதளத்துக்கு முன்பே எழும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் கேட்பதால் இதைப் பயாஸ் பாஸ்வேர்டு என்கிறோம். இதைப் போடுவது சில நிமிட வேலை. மறந்துவிட்டாலோ, சில மாடல்களில் மதர்போர்டையே மாற்ற வேண்டி வரும். அதனால் இந்தப் பாஸ்வேர்டை, மறந்துபோகும் நாளையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டுதான் போட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

எல்லா நிறுவனங்களின் லேப்டாப்பையும் ஒரே கட்டுரையில் படிப்படியாகச் சொன்னால் குழப்பமே மிஞ்சும். ஆகவே விண்டோஸ் 11 ஓடும் ஒரு லெனோவோ திங்க்பேடை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மறந்தவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொள்ளும் வரிசைகளில் அதுவும் ஒன்று. அதற்குத் தயாராக இருந்தால் மற்றவற்றுக்கும் தயாராக இருப்பீர்கள். பிற தயாரிப்புகள் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே மட்டும் அவற்றைச் சொல்கிறேன்.

## பாஸ்வேர்டு இருக்கும் இடம்

விண்டோஸ் பாஸ்வேர்டு டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் அதுவும் போய்விடும். பயாஸ் பாஸ்வேர்டு அப்படியல்ல. அது மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட ஒரு சிப்பில் எழுதப்படுகிறது. டிஸ்க்கைக் கழற்றினாலும், வேறு டிஸ்க் போட்டாலும், விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் அந்தச் சிப்புக்கு ஒன்றும் ஆகாது.

பழைய டெஸ்க்டாப் கணினிகளைப் பிரித்துப் பழகியவர்கள் ‘உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமே’ என்பார்கள். அந்தக் கணினிகளில் பயாஸ் அமைப்புகள் சீமாஸ் எனப்படும் நினைவகத்தில் இருந்தன. மின்சாரம் நின்றால் அது காலியாகிவிடும், பாஸ்வேர்டும் அதோடு போகும். திங்க்பேட் போன்ற அலுவலக லேப்டாப்புகளில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மின்சாரமே இல்லாமல் நிலைக்கும் சிப்பில் இருக்கிறது. அந்த பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தேதியும் நேரமும்தான் அழியும். அடுத்த முறை ஆன் செய்யும்போது தேதியைச் சரிபார்க்கச் சொல்லும் `0271` என்ற பிழை வரும். அதைச் சரிசெய்ய பயாஸுக்குள் போக முயன்றால், நீங்கள் மறந்துபோன அதே பாஸ்வேர்டைக் கேட்கும். சிக்கல் ஒன்று கூடியதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயாஸ் பாஸ்வேர்டு உங்கள் கோப்புகளை மறைகுறியாக்குவதில்லை. வீட்டு வாசலைப் பூட்டுகிறதே தவிர, உள்ளே இருக்கும் பெட்டியைப் பூட்டுவதில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே தெரியும். கோப்புகளைக் காப்பது பிட்லாக்கர் அல்லது லினக்ஸின் லக்ஸ் போன்ற டிஸ்க் குறியாக்கத்தின் வேலை. அப்படியானால் பயாஸ் பாஸ்வேர்டு எதற்கு? உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் பென் டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தை எழுப்பாமல் இருக்கவும், செக்யூர் பூட் போன்ற பாதுகாப்பு அமைப்புகளை அணைக்காமல் இருக்கவும், திருடியவர் அந்த இயந்திரத்தை எளிதில் பயன்படுத்த முடியாமல் போகவும்தான்.

## எது அடிக்கடி கேட்கப்படுகிறது, எது கேட்கப்படுவதே இல்லை

திங்க்பேடின் Security பகுதியில் மூன்று வகைப் பாஸ்வேர்டுகளை முக்கியமாகப் பார்ப்பீர்கள்.

பவர்-ஆன் பாஸ்வேர்டு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கேட்கப்படும். அது இல்லாமல் விண்டோஸ் எழாது.

சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பயாஸ் அமைப்புகளைக் காக்கிறது. அதை மட்டும் போட்டு வைத்தால் லேப்டாப் எப்போதும்போல நேரே விண்டோஸுக்குள் போய்விடும். பயாஸுக்குள் நுழைந்து எதையாவது மாற்ற நினைக்கும்போதுதான் அது குறுக்கே நிற்கும். டெல்லில் இவை சிஸ்டம் பாஸ்வேர்டு, அட்மின் பாஸ்வேர்டு என்ற பெயர்களில் வரும்.

மூன்றாவது ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு. இது மதர்போர்டில் அல்ல, டிஸ்க்குக்குள்ளேயே உட்காருகிறது. மறந்தால் மதர்போர்டை மாற்றியும் பயனில்லை, டிஸ்க்கை வேறு கணினிக்குக் கொண்டுபோயும் பயனில்லை. பிட்லாக்கர் இருக்கும்போது தனியாள் ஒருவருக்கு இது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதே இடத்தில் இருக்கிறதே என்று இதையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது முதல் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பவர்-ஆன் பாஸ்வேர்டை நாள்தோறும் தட்டுகிறோம், அது விரலிலேயே பதிந்துவிடும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டை வருடக்கணக்கில் தொடவே மாட்டோம். ஆனால் மறந்தால் பெரிய செலவு வைப்பது இரண்டாவதுதான். அதைவிடக் கொடுமை, மறந்துவிட்டோம் என்பதே தெரியாது. லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். என்றைக்கோ டிஸ்க் பழுதாகி, பென் டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்ற பயாஸைத் திறக்கும்போதுதான் தெரியவரும். ஆகவே கீழே வரும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி சூப்பர்வைசர் பாஸ்வேர்டுக்காகத்தான்.

## முதலில் பிட்லாக்கர் சாவி

பயாஸைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பல விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பிட்லாக்கரைப் போட்டதாக நினைவே இல்லாமல் இருக்கலாம். டெர்மினலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

வரும் விடையில் Numerical Password என்ற தலைப்பின் கீழ் 48 இலக்க எண் இருந்தால், அதுதான் மீட்புச் சாவி. காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் `aka.ms/myrecoverykey` என்ற முகவரியிலும் பார்க்கலாம். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் வைத்திருக்கிறது. அது மதர்போர்டோடு சேர்ந்தது. பயாஸ் பாஸ்வேர்டு மறந்து மதர்போர்டை மாற்றினால் டிபிஎம்மும் மாறிவிடும். அப்போது விண்டோஸ் இந்த 48 இலக்கங்களைக் கேட்கும். அவை இல்லையென்றால் டிஸ்க்கில் கோப்புகள் இருந்தும் இல்லாதவைதான். பாஸ்வேர்டு போடுவது மட்டும் பொதுவாக பிட்லாக்கரை உசுப்பாது. ஆனால் உள்ளே போனவர்கள் அப்படியே செக்யூர் பூட்டையும் மாற்றிவிட்டு வந்தால், அடுத்த தடவை ஆன் செய்யும்போதே மீட்புச் சாவி கேட்கப்படலாம். அப்படி ஏதாவது மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே பிட்லாக்கரை இடைநிறுத்திக்கொள்ளுங்கள்:

```
manage-bde -protectors -disable C:
```

ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனதும் அது தானாக மீண்டும் இயங்கத் தொடங்கும்.

## எந்தப் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கே இணையக் கணக்குகளுக்குச் சொல்லப்படும் விதிகள் அப்படியே பொருந்தாது. மூன்று முறை தவறாகத் தட்டினால் பெரும்பாலான லேப்டாப்புகள் நின்றுவிடும், அணைத்துவிட்டு மீண்டும் ஆன் செய்துதான் தொடர முடியும். ஆகவே நொடிக்கு ஆயிரக்கணக்கில் யூகித்துப் பார்க்க யாராலும் முடியாது. நீளத்துக்காகத் திண்டாட வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே எழுத்துகள் விழுவதுதான் இங்கே முக்கியம்.

பயாஸ் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில விசை அமைப்பையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நீங்கள் எந்த விசைப்பலகை அமைப்பை வைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. எழுத்துகளும் எண்களும் பொதுவாக இடம் மாறாது. `@`, `#`, `"` போன்ற குறிகள் அமைப்புக்கு அமைப்பு இடம் மாறும். எனவே சிறிய ஆங்கில எழுத்துகள், மேல்வரிசை எண்கள், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலப்பக்க எண் பலகையைத் தொடாதீர்கள், ஏனென்றால் Num Lock நிலை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும் என்று உறுதி இல்லை.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவே ஓர் எண் வைத்தால் போதும். `kudai7malai` என்பதுபோல ஒன்று. இதையே போட்டுவிடாதீர்கள். பழைய திங்க்பேட்களில் 7 எழுத்துக்கு மேல் ஏற்காது, புதியவற்றில் அதைவிடப் பல மடங்கு நீளம் ஏற்கும். மெனுவில் எழுதியிருக்கும் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசருக்கும் பவர்-ஆனுக்கும் வெவ்வேறு சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுத்ததை நோட்பேடில் அமெரிக்க ஆங்கில அமைப்பில், லேப்டாப்பின் சொந்த விசைப்பலகையில், சில தடவை தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு விசை சில நேரம் விழாமலோ இரட்டையாகவோ விழுந்தால் அந்த எழுத்தைத் தவிர்த்துவிடுங்கள். பயாஸ் திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும், அங்கே இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது காகிதம். பாஸ்வேர்டைப் போடுவதற்கு முன்பே எழுதுங்கள், போட்ட பிறகு அல்ல. லேப்டாப்பின் மாடல், சீரியல் எண், எந்த வகைப் பாஸ்வேர்டு, தேதி, கூடவே அந்த 48 இலக்கச் சாவி. இந்தக் காகிதம் லேப்டாப் பையில் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துபவர்கள் அதிலும் சேமிக்கலாம், ஆனால் அது கைபேசியிலும் திறக்கும்படி இருக்க வேண்டும். பூட்டிய லேப்டாப்புக்குள் மட்டும் சாவியின் பிரதி இருந்து ஒரு பயனும் இல்லை. வாங்கிய ரசீதையும் அதே இடத்தில் வையுங்கள். உரிமையை நிரூபிக்க வேண்டிய நாளில் அது பாஸ்வேர்டுக்கு இணையான மதிப்புள்ளதாகிவிடும்.

## போடும் முறை

1. சார்ஜரைச் செருகுங்கள். பயாஸுக்குள் போகத் திங்க்பேடில் லோகோ வரும்போது `F1`, டெல்லில் `F2`, எச்.பி.யில் `F10` அழுத்த வேண்டும். நேரம் தவறிக்கொண்டே இருந்தால் விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர் டெர்மினலில் இந்தக் கட்டளை நேரே உள்ளே கொண்டுபோய்விடும்:

```
shutdown /r /fw /t 0
```

லினக்ஸில் `systemctl reboot --firmware-setup` அதே வேலையைச் செய்யும்.

2. Security பகுதிக்குப் போய் Password என்பதைத் திறந்து, Supervisor Password என்ற வரியில் என்டர் அழுத்துங்கள். காகிதத்தைப் பார்த்து, மெதுவாக, இரண்டு முறை தட்டுங்கள். வேகமாக இரண்டு முறையும் ஒரே பிழையைத் தட்டிவிடுவது அரிதல்ல.

3. வேறு எதையும் தொடாமல் `F10` அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள். பவர்-ஆன் பாஸ்வேர்டை இந்தச் சுற்றில் போட வேண்டாம்.

4. லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, மீண்டும் ஆன் செய்து `F1` அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்கும். காகிதத்தில் எழுதியதை மட்டுமே பார்த்துத் தட்டுங்கள். உள்ளே போனதும் ஏதாவது ஓர் அமைப்பின் மேல் போய், அதை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடிந்தால் சூப்பர்வைசராக நுழைந்திருக்கிறீர்கள் என்று பொருள். சேமிக்காமல் வெளியேறிவிடலாம்.

5. இந்தச் சோதனை சரியாக வந்த பிறகே Power-On Password போடுங்கள். சேமித்து, அணைத்து, மீண்டும் ஆன் செய்து அதையும் சோதியுங்கள்.

நான்காம் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். இரண்டு பாஸ்வேர்டும் போட்ட பிறகு பயாஸுக்குள் நுழையப் பவர்-ஆன் பாஸ்வேர்டைத் தட்டினாலும் கதவு திறக்கும், ஆனால் பார்க்க மட்டும்தான் முடியும். அதைக் கண்டு ‘பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கிறது’ என்று நம்பிவிட்டால், சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒருமுறைகூடச் சோதிக்கப்படாமலே கிடக்கும்.

உறக்க நிலையிலிருந்து எழும்போது பவர்-ஆன் பாஸ்வேர்டு கேட்கப்படாது. அது கோளாறு அல்ல. மூடியை மூடித் திறப்பதை மட்டும் செய்பவர்கள் வாரக்கணக்கில் அதைத் தட்டாமலே இருப்பார்கள், அதனால் மறக்கவும் வாய்ப்புண்டு. கைரேகை உணரி உள்ள திங்க்பேட்களில் ஆன் செய்யும்போது கைரேகையே பாஸ்வேர்டுக்குப் பதிலாக நிற்கலாம். வசதிதான், ஆனால் தட்டும் பழக்கம் போய்விடும். எனக்குப் பிடித்த வழி, கைரேகையை விண்டோஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு பவர்-ஆனைக் கையால் தட்டுவது.

அதே Security பகுதியில் Bottom Cover Tamper Detection என்று ஓர் அமைப்பு இருக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். கீழ்மூடியை யாராவது திறந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது சூப்பர்வைசர் பாஸ்வேர்டைத் தட்டும்வரை லேப்டாப் நகராது. பாஸ்வேர்டு நினைவில் இருப்பவருக்கு நல்ல காவல். மறந்தவருக்கு, ரேம் மாற்றத் திறந்த அன்றே லேப்டாப் முடங்கிவிடும். டெல்லில் இதற்கு இணையான ஆபத்து Master Password Lockout என்ற அமைப்பு. அதை இயக்கினால், மறந்தபோது டெல் கொடுக்கும் மீட்பு வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இரண்டையும் அணைத்தே வைக்கச் சொல்வேன்.

## மறந்துவிட்டது: முதலில் என்ன செய்வது

கையை விசைப்பலகையிலிருந்து எடுங்கள். திங்க்பேடில் மூன்று முறை தவறினால் எச்சரித்து நின்றுவிடும். தொடர்ந்து தவறிக்கொண்டே இருந்தால் `0199` என்ற பிழை வரும். முயற்சிகளின் எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். பவர் பட்டனைப் பிடித்து அணைத்து, அமைதியாகத் தொடங்குங்கள்.

எந்தப் பாஸ்வேர்டு கேட்கப்படுகிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். எதையும் அழுத்தாமல் ஆன் செய்ததுமே கேட்டால் பவர்-ஆன். பயாஸுக்குள் போகும்போது மட்டும் கேட்டால் சூப்பர்வைசர். திரையில் டிஸ்க்கின் படத்தோடு பூட்டுச் சின்னம் தெரிந்தால் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு. வேறொரு வகைக்கான சரியான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து, மறந்தது உண்மையிலேயே நீங்கள்தானா, அல்லது விசைப்பலகையா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? எண் பலகை தனியாக இல்லாத பழைய லேப்டாப்புகளில் Num Lock இயங்கியிருந்தால் `u`, `i`, `o`, `j`, `k`, `l` எல்லாம் எண்களாக விழும். விசை ஒன்று பழுதாகியிருக்கலாம். தட்டும்போது திரையில் சேரும் புள்ளிகளை எண்ணினால் இது தெரிந்துவிடும். பத்து எழுத்து தட்டி ஒன்பது புள்ளி வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். கம்பியுள்ள யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகித் தட்டுங்கள். ப்ளூடூத் விசைப்பலகை இந்தக் கட்டத்தில் பொதுவாக வேலை செய்யாது.

## சூப்பர்வைசர் மட்டும் மறந்து, விண்டோஸ் ஓடுகிறது

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் தன் திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மட்டும் போட்டார், எழுதி வைக்கவில்லை. லேப்டாப் தினமும் ஓடுகிறது. இப்போது எஸ்எஸ்டி பழுதாகத் தொடங்கியிருக்கிறது, அவ்வப்போது உறைகிறது. புதியது மாட்டி விண்டோஸை ஏற்ற வேண்டும். `F1` அழுத்துகிறார், பாஸ்வேர்டு கேட்கிறது, நினைவில்லை.

அவர் செய்யக்கூடாத முதல் காரியம், கீழ்மூடியைத் திறப்பது. மூடி திறப்பைக் கண்காணிக்கும் அமைப்பை அன்றைக்கு இயக்கினாரா என்பது அவருக்கு நினைவில்லை. இயக்கியிருந்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸும் கிடைக்காது.

செய்ய வேண்டியது, ஓடும்போதே எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுப்பது. பிறகு `manage-bde` கட்டளையால் மீட்புச் சாவியை எடுத்து எழுதிக்கொள்வது. இந்த இரண்டும் முடிந்தால் இனி இழப்பது இயந்திரத்தின் மதிப்பைத்தான், தரவை அல்ல.

அதன் பிறகு `F12` பூட் மெனு பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கிறதா என்று பார்க்கலாம். சூப்பர்வைசர் போட்டபோது அந்த மெனுவையும் பூட்டாமல் விட்டிருந்தால், பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து விண்டோஸை ஏற்ற முடியும். அப்படியானால் பயாஸுக்குள் போக முடியாத லேப்டாப்பாகவே அது இன்னும் பல ஆண்டு உழைக்கலாம். பூட்டியிருந்தாலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. பழைய எஸ்எஸ்டி இன்னும் படிக்கக் கிடைக்கும்போதே அதை அப்படியே புதியதற்கு, யூஎஸ்பி பெட்டி வழியாக, குளோன் செய்துகொள்ளலாம். மாட்டுவதற்கு மூடியைத் திறந்தே ஆக வேண்டும் என்பதால், ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நகல் கையில் இருக்கும் நிலையில் எடுக்கும் ஆபத்து அது.

## உள்ளே போகவே முடியாதபோது

பவர்-ஆன் மட்டும் மறந்து, சூப்பர்வைசர் தெரிந்திருந்தால் கவலையில்லை. சூப்பர்வைசரைத் தட்டி பயாஸுக்குள் போய் பவர்-ஆனை நீக்கிவிடலாம். சூப்பர்வைசர் போடப்படவே இல்லை, பவர்-ஆன் மட்டும்தான் என்றால், பல பழைய திங்க்பேட்களில் சார்ஜர், பெரிய பேட்டரி, சிறிய பேட்டரி மூன்றையும் சற்று நேரம் அகற்றினால் அது அழிந்துவிடும். முன்பு சொன்ன பேட்டரி வைத்தியம் இங்கே மட்டும் பலிக்கிறது.

சூப்பர்வைசரும் மறந்து, லேப்டாப் முன்னேறவும் மறுத்தால், தயாரிப்பாளரைப் பொறுத்து வழி மாறுகிறது.

லெனோவோவின் பராமரிப்புக் கையேடுகள் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன: மறந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டை நீக்கச் சேவை முறை எதுவும் இல்லை, மதர்போர்டைக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். ரசீது காட்டினாலும் இதுதான் விடை. வாரண்டி இருந்தாலும் கட்டணம் உண்டு.

டெல்லில் நிலைமை மென்மையானது. தவறான பாஸ்வேர்டைத் தட்டியதும், அந்த லேப்டாப்பின் அடையாள எண்ணான சர்வீஸ் டேக்கும் அதன் பின்னே ஒரு சிறு குறியீடும் திரையில் வரும். பதிவான உரிமையாளர் அவற்றோடு டெல் சேவைப் பிரிவைத் தொடர்புகொண்டு, உரிமையை நிரூபித்தால், திறக்கும் குறியீடு பெறலாம். பழைய லேப்டாப் வாங்கியவர்கள் உரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை என்றால் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இன்டெல் சிப் உள்ள மேக்களில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு மறந்தால், அசல் ரசீதோடு ஆப்பிள் ஸ்டோருக்கோ அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கோ நேரில் கொண்டுபோக வேண்டும். ஆப்பிளின் சொந்த எம் வரிசைச் சிப் உள்ள மேக்களில் இந்தப் பாஸ்வேர்டே கிடையாது. அங்கே ஃபைல்வால்ட் என்ற டிஸ்க் குறியாக்கத்தைப் போட்டால் போதும்.

சிப்பின் இரண்டு கால்களைக் கம்பியால் இணைத்து பாஸ்வேர்டை ஏமாற்றும் காணொளிகள் நிறையக் கிடைக்கும். பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருந்த பழைய திங்க்பேட்களுக்கானவை அவை. இன்றைய போர்டில் அதே வேலையைச் செய்தால், பாஸ்வேர்டு போகாமல் போர்டு போய்விடும். இணையத்தில் ‘மாஸ்டர் பாஸ்வேர்டு’ பட்டியல் என்று வருபவற்றையும் ஒன்றொன்றாகத் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தரவு வேண்டுமென்றால், டிஸ்க் கழற்றக்கூடியதாக இருக்கும்வரை அது தப்பிக்கும். வேறு கணினியில் மாட்டுங்கள். பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்கங்களைக் கேட்கும், தட்டினால் திறந்துவிடும். ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு இருந்தால் திறக்காது. சில மெல்லிய லேப்டாப்புகளில் டிஸ்க் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் போர்டை மாற்றினால் தரவும் பழைய போர்டோடு போய்விடும். அத்தகைய லேப்டாப்பில் சூப்பர்வைசர் போடும் முன் வெளி நகல் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

மதர்போர்டை மாற்றித் திரும்பிய லேப்டாப்பில், பழைய டிஸ்க் அப்படியே இருந்தால் முதலில் பிட்லாக்கர் மீட்புத் திரைதான் வரும். சாவியைத் தட்டி உள்ளே போனபின், விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டப்பட்டிருந்ததால் ஆக்டிவேஷன் மீண்டும் கேட்கப்படலாம். அதைச் சேவை மையத்திலேயே கேட்டுத் தீர்த்துக்கொண்டு வாருங்கள்.

## கைமாறும்போது

விற்கும்போதோ கொடுக்கும்போதோ பாஸ்வேர்டை நீக்கிவிடுங்கள். அதே Supervisor Password வரியில் பழையதைத் தட்டி, புதிய பாஸ்வேர்டுக்கான இரண்டு பெட்டிகளையும் காலியாக விட்டு என்டர் அழுத்திச் சேமித்தால் போதும். விண்டோஸை ரீசெட் செய்வதால் இது நீங்காது.

வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் `F1` அழுத்தி பயாஸுக்குள் போய், ஓர் அமைப்பை மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் நன்றாக ஓடுவது எதையும் நிரூபிக்காது என்பதை மேலே பார்த்தோம். விண்டோஸிலிருந்தே பார்க்க, பவர்ஷெல்லில் இதைத் தட்டலாம்:

```
Get-CimInstance Win32_ComputerSystem |
  Select AdminPasswordStatus, PowerOnPasswordStatus
```

விடையில் 0 என்றால் பாஸ்வேர்டு இல்லை, 1 என்றால் இருக்கிறது. 2, 3 என்றால் அந்த லேப்டாப் இந்தத் தகவலைச் சொல்வதில்லை. லினக்ஸில் இதற்கு `sudo dmidecode -t 24`. எண் என்ன சொன்னாலும் பயாஸுக்குள் நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்டால், விற்பவர் உங்கள் கண்முன்னே தட்டி நீக்கட்டும். ‘அப்புறம் சொல்கிறேன்’ என்றால் அந்த லேப்டாப்பை வாங்காதீர்கள்.